பழைய பவழ மாலைக்கு எலுமிச்சையா, லென்ஸா?

அம்மாச்சி விட்டுச்சென்ற இரண்டு சிவப்பு மாலைகளில் எதைத் தங்கக் கம்பியில் கோத்துக்கொள்வது என்று முடிவெடுக்க, இரண்டையும் மதுரை தெற்காவணி மூல வீதியில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்தவுடனே, "எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாப்போம்க்கா, பொங்குனா பவழம்தான்" என்றார். நான் மறுத்துவிட்டேன்.

எலுமிச்சைச் சாறு பொய் சொல்லாது. ஆனால் நமக்குத் தேவையான கேள்விக்கு அது பதில் சொல்லாது. பவழம் கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்டதும் நுரைக்கும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் நுரைக்கமாட்டா. அந்த இரண்டையும் கண்டுபிடிக்க மாலையைக் கெடுக்கத் தேவையில்லை: பிளாஸ்டிக் மணி கையில் கனமின்றி, தொட்ட உடனேயே வெதுவெதுப்பாக இருக்கும்; கண்ணாடிக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகள் தெரியும். உண்மையான சிக்கல் மூங்கில் பவழம்தான். பெயரில் மூங்கில் இருந்தாலும் அதுவும் கடலில் வளர்வதே. கணுக்கணுவான அதன் வெளிறிய எலும்புக்கூட்டில் சிவப்புச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். அதுவும் கால்சியம் கார்பனேட் என்பதால் அதே போலப் பொங்கும், எடையிலும் பெரிய வேறுபாடு இருக்காது. போதாததற்கு, சாறு பட்ட இடத்தில் பளபளப்பு போய்விடும்.

ஆகவே பத்து மடங்கு லென்ஸுக்கே என் ஓட்டு. மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவழத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய வரிகள் உண்டு. அவற்றின் இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர். மூங்கில் பவழத்தில் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எட்டு மில்லிமீட்டர் மணியின் பக்கவாட்டில் அளவுகோலை வைத்து ஐந்து மில்லிமீட்டருக்குள் வரிகளை எண்ணினேன். முதல் மாலையில் பதின்மூன்று வந்தன; இரண்டாவதில் ஐந்து. இரண்டாவது மாலையின் துளைக்குள் ஒளி காட்டியபோது, விளிம்பில் அடர்சிவப்பு திட்டாகத் தேங்கி, உட்புறம் வெளிறியிருந்தது.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, துளையோரம் ஒரே இடத்தில் தடவியபோது பஞ்சு இளஞ்சிவப்பானது. இந்தச் சோதனையை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்: மேலே மெழுகோ பிசினோ பூசியிருந்தால் சாயம் வராமல் போகலாம், உண்மைப் பவழத்துக்கும் சிலர் சாயம் ஏற்றுகிறார்கள், பிளாஸ்டிக் மணியாக இருந்தால் மேற்பரப்பே கரையக்கூடும். மிகச் சிறிய மணிகளிலும் நன்கு மெருகேற்றியவற்றிலும் வரிகள் மங்கித் தெரியும்; அங்கே என் கண்ணை நம்பாமல் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கே அனுப்புவேன்.

ஒரு மணியை மட்டும் பார்த்து மாலை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வதும் தவறு. நூல் அறுந்து மணி தொலைந்த போதெல்லாம் கிடைத்ததைக் கோத்திருப்பார்கள், செபமாலைகளிலும் அப்படித்தான். என் முதல் மாலையின் நாற்பத்திரண்டு மணிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்ததில், கொக்கியை ஒட்டிய மூன்றில் வரியே இல்லை, உள்ளே குமிழிகள் மட்டும் இருந்தன. அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, முப்பத்தொன்பது மணிகளை மட்டும் கம்பியில் கோக்கச் சொன்னேன்.