இரண்டும் சரிதான், ஆனால் காரணம் விளக்குகிறதா?

கூற்று-காரணம் வினாக்களில் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு விடைகளுக்கு நடுவில்தான். ஒன்று, இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. மற்றது, இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை. ஒரே கூற்றுக்குக் காரணத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

கூற்று: புறக்கோட்டைப் புடவைக் கடையொன்று வாங்கிய வானின் கிரயம், அது பயன்தரும் ஆண்டுகளுக்குப் பெறுமானத்தேய்வாகப் பகிரப்படும்.

கூற்று சரி. 2018 ஏப்ரல் 1 அன்று 45 இலட்சத்துக்கு வாங்கிய வான், எஞ்சிய பெறுமதி 5 இலட்சம், ஆயுள் 8 ஆண்டுகள் என்று வைப்போம். நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 5 இலட்சம்.

காரணம் அ: கடை தொடர்ந்து இயங்கும் என்ற எடுகோளில் கணக்குகள் தயாரிக்கப்படுகின்றன.

சரி, விளக்கவும் செய்கிறது. அடுத்த மாதமே கடையை மூடப்போகிறார்கள் என்றால் கிரயத்தைப் பகிர 8 ஆண்டுகள் ஏது? காரணத்தை எடுத்துவிட்டால் கூற்றும் ஆட்டம் காண்கிறது.

காரணம் ஆ: ஓடிய வானுக்குச் சந்தையில் பொதுவாக விலை குறையும்.

பெரும்பாலானோர் இதையும் விளக்கம் என்றே குறிக்கிறார்கள். வாக்கியம் சரி, விளக்கம் அல்ல. கொழும்பிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2021 மார்ச் 31இல், அதுவரை எழுதிய தேய்வு போக, நம் வானின் ஏட்டுப் பெறுமதி 30 இலட்சம். யாராவது 55 இலட்சம் தர வந்திருந்தாலும் அந்த ஆண்டின் தேய்வை எழுதியே ஆகவேண்டும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16இன்படி தேய்வு என்பது கிரயத்தைப் பகிர்வது, சந்தை விலையைத் துரத்துவது அல்ல. ஒரு எல்லை உண்டு: ஆயுள் முடிவில் கிடைக்கும் என மதிப்பிடும் எஞ்சிய பெறுமதியே ஏட்டுப் பெறுமதியை எட்டினால் தேய்வு பூச்சியமாகும். இன்றைய விற்பனை விலை ஏறியது மட்டும் அதற்குப் போதாது.

காரணம் இ: தேய்வு எழுதினால் புதிய வான் வாங்கக் காசு சேரும்.

பிழை. தேய்வு இலாபத்தைக் குறைக்கும் பதிவு. வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் கூடாது. கூற்று சரி, காரணம் பிழை.

சொத்தையும் இலாபத்தையும் மிகைப்படுத்தாமல் எச்சரிக்கையாகக் காட்டச் சொல்லும் முன்மதி எண்ணக்கருவிலும் இதுபோன்ற பொறி உண்டு. தொக்கை அதன் கிரயம், விற்கும் செலவு போகக் கிடைக்கும் தேறிய தேறக்கூடிய பெறுமதி ஆகிய இரண்டில் குறைந்ததில் காட்டவேண்டும் என்பது சரியான கூற்று. “சொத்துகளை முடிந்தளவு குறைத்துக் காட்டுவதே முன்மதி” என்று காரணம் வந்தால் அது பிழை. 3,000 ரூபாய்க்கு வாங்கிய சேலை 2,900க்குத்தான் போகும், விற்கத் தரகு 100 என்றால் 2,800 என்று காட்டுங்கள். 2,000 என்று எழுதினால் அது முன்மதி அல்ல, இலாபத்தை மறைப்பது.