சில்வர் முதலில் யாருக்கு? அயோடைடு–குளோரைடு, புரோமைடு–குளோரைடு: இரண்டு ஜோடிகள்

அயோடைடும் குளோரைடும் கலந்த கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் மஞ்சள் படிவு வரும், வெள்ளை அதற்குப் பின்னால். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. அயோடைடு இருந்த இடத்தில் புரோமைடை வைத்தாலும் கணக்கு அதேதான்: வெளிர்மஞ்சள் முதலில், வெள்ளை அடுத்து. தாளில் இரண்டு ஜோடியும் ஒன்றுபோலத் தெரியும். பியூரெட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் ஒரு ஜோடி சொன்னபடி கேட்கும், மற்றது கேட்காது.

ஒரே அளவில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம். 50 மி.லி. கரைசல். அதில் இரண்டு ஹாலைடும் தலா 0.010 மோலார். பியூரெட்டில் 0.100 மோலார் சில்வர் நைட்ரேட். ஒவ்வொரு ஹாலைடுக்கும் 5.00 மி.லி. வேண்டும், மொத்தம் 10.00 மி.லி.

ஒரு ஹாலைடு எப்போது படியத் தொடங்கும் என்பதற்கு ஒரே விதிதான். சில்வர் செறிவையும் ஹாலைடு செறிவையும் பெருக்கினால் வருவது, அந்த உப்பின் கரைதிறன் பெருக்கத்தைத் தொட வேண்டும். ஆகவே கரைதிறன் பெருக்கத்தை ஹாலைடு செறிவால் வகுத்தால், படிவு தொடங்கத் தேவையான சில்வர் செறிவு கிடைத்துவிடும். 25 டிகிரி செல்சியஸில்:

| உப்பு | கரைதிறன் பெருக்கம் | 0.010 மோலாரில் தேவைப்படும் சில்வர் (மோலார்) |
|---|---|---|
| AgI | 8.5 × 10⁻¹⁷ | 8.5 × 10⁻¹⁵ |
| AgBr | 5.0 × 10⁻¹³ | 5.0 × 10⁻¹¹ |
| AgCl | 1.8 × 10⁻¹⁰ | 1.8 × 10⁻⁸ |

டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போவதுபோல, குறைந்த சில்வருக்கே படிந்துவிடும் ஹாலைடு முந்திக்கொள்கிறது. முதலில் யார் என்ற கேள்வி இத்தோடு முடிந்தது. இரண்டாவது எப்போது தொடங்கும், அந்த நேரத்தில் முதலாவது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் ஹாலைடு கரைசலில் இருக்கும்வரை, விடுகிற சில்வரையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். கரைசலில் தனியாக நிற்கும் சில்வரின் அளவு ஏறவே ஏறாது என்றில்லை. முதல் ஹாலைடு குறையக் குறைய மெல்ல ஏறும். அது 1.8 × 10⁻⁸ மோலாரைத் தொடும் கணத்தில் குளோரைடு தொடங்குகிறது. அந்தக் கணத்தில் மிஞ்சியிருக்கும் அயோடைடைக் காண 8.5 × 10⁻¹⁷ஐ 1.8 × 10⁻⁸ஆல் வகுக்க வேண்டும்: 4.7 × 10⁻⁹ மோலார். தொடக்கத்தில் இருந்ததில் இருபது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. புரோமைடுக்கு அதே கணக்கைப் போட்டால் 2.8 × 10⁻⁵ மோலார் வருகிறது, அதாவது 0.28 சதவீதம் மிச்சம். 99.9 சதவீதம் படிந்தால்தான் பிரிந்தது என்று கொள்வீர்களானால், அயோடைடு தாராளமாகத் தேறுகிறது. புரோமைடு கணக்கிலேயே தவறிவிடுகிறது. (பியூரெட்டிலிருந்து இறங்கிய 5 மி.லி.யால் கரைசல் கொஞ்சம் நீர்த்திருக்கும். அதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் இந்த எண்கள் பத்து சதவீதத்துக்கு மேல் நகராது.)

இவ்வளவும் கரைசல் முழுக்க ஒரே செறிவில் இருக்கிறது என்ற நினைப்பில் போட்ட கணக்கு. பியூரெட் முனையிலிருந்து விழும் சொட்டோ 0.100 மோலார். அது விழுந்த இடத்தில் அரை நொடிக்கு குளோரைடுக்குத் தேவையானதைவிட லட்சக்கணக்கான மடங்கு சில்வர் நிற்கிறது. அதனால் அங்கே அயோடைடோடு குளோரைடும் சேர்ந்து படியும். வெள்ளைப் புகைபோல ஒன்று தோன்றி, கலக்கினதும் மஞ்சளாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். படிந்த AgCl கரைசலில் உள்ள அயோடைடைச் சந்தித்ததும் AgI ஆகிவிடுகிறது. இந்த மாற்றத்தின் சமநிலை மாறிலி இரண்டு கரைதிறன் பெருக்கங்களின் விகிதம்தான்: ஏறத்தாழ 21 லட்சம். கலக்கிக்கொண்டே விட்டால் தப்பு தானாகத் திருந்தும். கலக்காமல் வேகமாக விட்டால் வெள்ளைத் துகளின் மேல் மஞ்சள் தோல் மட்டும் படர்ந்து உள்ளே குளோரைடு சிக்கிக்கொள்ளும்.

புரோமைடு ஜோடியிலும் இதே திருத்தம் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் அங்கே மாறிலி வெறும் 360. அதைவிடப் பெரிய தொல்லை படிகத்தில் இருக்கிறது. AgCl, AgBr இரண்டும் கல்லுப்பின் படிக அமைப்பையே கொண்டவை. குளோரைடு அயனியின் ஆரம் 1.81 ஆங்ஸ்ட்ராம், புரோமைடு 1.96. அளவில் இவ்வளவு நெருக்கம் என்பதால், AgBr வளரும்போதே சில இடங்களில் புரோமைடுக்குப் பதில் குளோரைடு உட்கார்ந்துவிடுகிறது. கலப்புப் படிகம் உருவாகிறது. கரைசலில் சில்வர் இன்னும் 1.8 × 10⁻⁸ஐத் தொடவில்லை, கணக்குப்படி குளோரைடு தொடங்கவே கூடாது. ஆனாலும் கொஞ்சம் போய்விட்டது. AgI அறை வெப்பநிலையில் வேறு அமைப்பு. அதில் ஒவ்வொரு சில்வரையும் நான்கு அயோடைடு சூழும், கல்லுப்பு அமைப்பில் ஆறு சூழும். ஆகவே குளோரைடுக்கு அங்கே எளிதில் இடம் கிடைப்பதில்லை.

இதனால் வரும் பிழைக்கு ஒரு திசை உண்டு. புரோமைடு முடிந்த புள்ளி தள்ளிப்போகும். 5.00 மி.லி.யில் வர வேண்டியது அதைத் தாண்டி வரும், புரோமைடு கூடுதலாகவும் குளோரைடு குறைவாகவும் விழும். மொத்தம் மட்டும் 10.00 மி.லி.யில் சரியாக நிற்கும். மொத்தம் சரியாக இருக்கிறதே, பிரித்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கரைசலில் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து வைத்து, மெதுவாக விட்டால் பிழை குறையும். ஒழிந்துவிடாது.

இரண்டாவது தொடங்கிய கணத்தைக் கண்ணால் பிடிக்கப் பார்ப்பது வீண். மஞ்சள் குழம்பில் வெள்ளை விழுந்தால் யாருக்குத் தெரியும்? சில்வர் கம்பியை மின்முனையாக வைத்து மின்னழுத்தம் அளக்க வேண்டும். ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டால், 2.50 மி.லி. விட்ட நிலையில் அயோடைடு ஜோடி −0.015 வோல்ட் அருகே இருக்கும். குளோரைடு தொடங்கும் இடம் 0.343 வோல்ட். 5 மி.லி. பக்கத்தில் செங்குத்தான ஏற்றம், தவறவே முடியாது. புரோமைடு ஜோடி அதே 2.50 மி.லி.யில் 0.208 வோல்ட்டில் இருக்கிறது, ஏறவேண்டியது 0.135 வோல்ட் மட்டும். மேடு சரிவாக, முனை மழுங்கி வரும். ஏற்றம் நின்று கோடு திடீரென மட்டமாகும் மடிப்புதான் குளோரைடு தொடங்கிய இடம். 4.5 மி.லி.க்குப் பிறகு 0.1 மி.லி.யாக விட்டு, எண் நிலைத்த பிறகு குறிக்க வேண்டும். ஒப்பீட்டு மின்முனையாகக் கலோமல் வைத்தால் அதிலிருந்து பொட்டாசியம் குளோரைடு கசிந்து நீங்கள் அளக்கும் குளோரைடையே கூட்டிவிடும்; நடுவில் பொட்டாசியம் நைட்ரேட் உப்புப்பாலம் போட வேண்டும்.

இதுவரை இரண்டும் சம அளவு. சமம் இல்லாதபோது வரிசையே திரும்பலாம். புரோமைடைப்போல 360 மடங்குக்கு மேல் குளோரைடு இருந்தால் குளோரைடுதான் முதலில் தொடங்கும். இது காகிதத்தில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை: கடல்நீரில் இந்த விகிதம் 650 பக்கம். அயோடைடைத் தோற்கடிக்க 21 லட்சம் மடங்கு வேண்டும்.

நொய்யல் கரையோரம் சாயத்தண்ணீர் இறங்கிய பகுதிக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு அள்ளிக் கொட்ட வேண்டும் என்பதால், அந்தப் பக்கத்துச் சப்பைத் தண்ணியில் குளோரைடு தூக்கலாக இருக்கும். கணக்குக்காகக் குளோரைடு லிட்டருக்கு 710 மி.கி. என்று கொள்வோம், அது 0.020 மோலார். புரோமைடு 4 மி.கி., அதாவது 5 × 10⁻⁵ மோலார். விகிதம் 400. குளோரைடுக்குத் தேவை 9 × 10⁻⁹ மோலார் சில்வர், புரோமைடுக்கு 1.0 × 10⁻⁸. குளோரைடு மயிரிழையில் முந்துகிறது. ஆனால் அது 0.018 மோலாருக்கு இறங்கியதுமே, பத்தில் ஒரு பங்கு படிந்த நிலையிலேயே, புரோமைடும் வந்து சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் இரண்டும் சேர்ந்தே இறங்கும். முதலில் தொடங்குவது வேறு, பிரிந்து வருவது வேறு. தண்ணீரை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்தாலும் இந்த வரிசை மாறாது. விகிதம் அப்படியே இருக்கிறதே.

அந்தத் தண்ணீர் சோதனைக்கூடத்துக்குப் போனால் அங்கே சில்வருக்கு மூன்றாவது போட்டியாளர் காத்திருக்கிறது: மோர் முறையில் நிறங்காட்டியாக விடும் பொட்டாசியம் குரோமேட். Ag₂CrO₄ கரைதிறன் பெருக்கம் 1.1 × 10⁻¹². AgCl எண்ணைவிடச் சிறியது, ஆகவே குரோமேட்தான் முதலில் படியும் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. இதில் சில்வர் இரண்டு, எனவே வகுத்த பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 50 மி.லி.க்கு 5 சதவீதக் குரோமேட் 1 மி.லி. விட்டால் அது 0.005 மோலார், சிவப்பு தொடங்க 1.5 × 10⁻⁵ மோலார் சில்வர் வேண்டும். குளோரைடு சரியாகத் தீரும் புள்ளியில் சில்வர் 1.3 × 10⁻⁵. இந்தப் பொருத்தத்துக்காகத்தான் குரோமேட் அளவு அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. அமிலத் தன்மையில் குரோமேட் டைகுரோமேட்டாகப் போய்ச் சிவப்பு பிந்தும், பி.எச். 10ஐத் தாண்டினால் சில்வர் ஆக்சைடாகக் கருத்துவிடும்.

710 மி.கி. தண்ணீரை 50 மி.லி. அப்படியே எடுத்தால் 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட் 71 மி.லி. குடிக்கும், பியூரெட் பத்தாது. 10 மி.லி. எடுத்து வாலை வடிநீரால் 50 ஆக்கினால் 14.2 மி.லி.யில் முடியும். புரோமைடும் இந்த முறையில் குளோரைடாகவே எண்ணப்படும், பிரித்துக் காட்ட வழியில்லை. ஆனால் அந்த 10 மி.லி.யில் இருக்கும் புரோமைடு வாங்குவது 0.036 மி.லி.தான், பியூரெட்டின் ஒரு சொட்டுக்கும் குறைவு.