மாமாவின் பொலிசி தப்பியது, மாமியின் பொலிசி போனது: மூன்று வருட அனுபவம்

நாங்கள் இருப்பது கிளிநொச்சியில். மனைவியின் தாய் தகப்பன் திருச்சியில். அவர்களுக்கு இருவர் பேரிலும் தனித்தனியாக ஐந்து லட்சம் இந்திய ரூபாய்க்கு மருத்துவக் காப்புறுதி எடுத்து, 2022 மே 6 முதல் கட்டுப்பணத்தை நாங்கள்தான் இங்கிருந்து கட்டி வருகிறோம். வன்னியில் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம் என்பதால் இந்த வகைக் காப்புறுதி பலருக்குப் பழக்கமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சொந்தம் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. போன வருடம் நடந்ததை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டு பொலிசியும் 2025 மே 5 நள்ளிரவோடு முடிந்தன. மனைவியின் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும், அதற்கு ஓடிபி அவருடைய இந்திய சிம்முக்கு வர வேண்டும். அந்த நேரம் ரோமிங் வேலை செய்யவில்லை. "முப்பது நாள் கிரேஸ் பீரியட் இருக்கு சார், அதுக்குள்ள கட்டினா எதுவும் போகாது" என்று முகவர் தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி.

இந்திய விதிப்படி, கிரேஸ் பீரியட் என்கிற சலுகைக் காலம் மாதத் தவணையாகக் கட்டுகிறவர்களுக்கு 15 நாள், மற்ற எல்லோருக்கும் 30 நாள். அதற்குள் கட்டினால் இதுவரை சேர்த்த தொடர்ச்சி அறுபடாது. சில நோய்களுக்கும் ஒப்பரேஷன்களுக்கும் பொலிசி எடுத்ததும் கோர முடியாது, குறிப்பிட்ட மாதங்கள் காத்திருக்க வேண்டும்; அந்தக் காத்திருப்புக் காலத்தில் கழிந்த மாதங்கள், கோரிக்கை இல்லாத வருடங்களுக்குச் சேர்ந்த போனஸ் எல்லாம் அப்படியே நிற்கும். ஆனால் வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டுகிற பொலிசியில், முடிந்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் வருகிற செலவுக்குக் காப்பு இல்லை. சலுகைக் காலம் காப்பாற்றுவது பழைய கணக்கை; அந்த நாட்களில் வருகிற ஆஸ்பத்திரி பில்லை அல்ல.

இங்கேதான் எங்கள் ஊர் ஆட்கள் குழம்புவார்கள். ஆயுள் காப்புறுதியில் சலுகைக் காலத்துக்குள் மரணம் நடந்தால், நிலுவையைக் கழித்துக்கொண்டு பொதுவாகக் காசைத் தருவார்கள். அதே நினைப்பில் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார்: "அண்ணை, முப்பது நாள் தாறாங்கள்தானே, பிறகென்ன?" மாமாவுக்கு நடந்ததைத்தான் அவருக்குச் சொன்னேன். மே 20ஆம் திகதி காய்ச்சல் கூடி அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஏறக்குறைய 38,000 ரூபாய் செலவு. மே 28ஆம் திகதி கட்டுப்பணம் கட்டினோம். தொடர்ச்சி தப்பியது, 38,000 எங்கள் கையால் போனது. அந்த மறுப்பில் எனக்குக் குறை இல்லை, பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதை முகவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாமாவின் புதிய பத்திரம் வந்ததும் மூன்று இடங்களைப் பார்த்தேன். பொலிசி முதன்முதலில் தொடங்கிய திகதி 06.05.2022 என்றே இருந்தது. இந்த வருடக் காப்பு 28.05.2025இல் தொடங்கியது. போனஸ் வருடத்துக்குப் பத்து வீதமாக மூன்று வருடத்துக்கும் சேர்ந்து, மொத்தக் காப்பு ஆறரை லட்சம் என்று இருந்தது. முதல் திகதி பழையதாகவே இருந்தால் தொடர்ச்சி நிற்கிறது என்று அர்த்தம். அது புதிய திகதியாக மாறியிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். அப்புறம் ஓகஸ்டில் அவருக்குக் கண்புரை ஒப்பரேஷன் செய்தோம். அதற்கு இருந்த 24 மாதக் காத்திருப்பு எப்போதோ கழிந்துவிட்டதால் கேள்வியில்லாமல் அனுமதித்தார்கள்.

மாமியின் கதை வேறு. அதே மே 28ஆம் திகதி, அதே கணக்கிலிருந்து அவருக்கும் கட்டினோம். பணம் கழிந்த குறுஞ்செய்தி வந்தது. சில நாட்களில் அதே தொகை சத்தமில்லாமல் கணக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. நிறுவனத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பத்திரம் வரவில்லையே என்று ஜூன் நடுப்பகுதியில் கேட்டபோதுதான் "பேமென்ட் ஃபெயில் ஆயிருக்கு, பொலிசி லாப்ஸ்" என்றார்கள். சலுகைக் காலம் ஜூன் 4உடன் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு புதுப்பித்தல் என்ற பேச்சே இல்லை. புதிய விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, புதிய பத்திரம். சில நிறுவனங்கள் தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டுப் பரிசீலிக்கும் என்கிறார்கள். ஆனால் அது அவர்கள் விருப்பம், எங்கள் உரிமையல்ல. மாமியின் புதிய பொலிசி ஜூன் 27ஆம் திகதி தொடங்கியது. முடிந்த பொலிசிக்கும் இதற்கும் இடையில் ஏழு வாரமளவு இடைவெளி. அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள்.

மாமிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. முதலிலேயே சொல்லித்தான் எடுத்தோம். முன்பே இருந்த நோய்க்கான 36 மாதக் காத்திருப்பு சரியாக மே 5ஆம் திகதி முடிந்திருந்தது. இப்போது அது 2028 ஜூன் வரை. முழங்கால் மாற்று ஒப்பரேஷனுக்கான 24 மாதம் ஒரு வருடத்துக்கு முன்பே கழிந்தது. இப்போது 2027 ஜூன் வரை. போனஸ் அழிந்து காப்பு பழையபடி ஐந்து லட்சம். முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர எதற்கும் கோர முடியாது என்ற தொடக்கக் காத்திருப்பும் மறுபடி வந்தது.

இன்னொன்று பலர் கவனிக்காதது. தொடர்ச்சியாக 60 மாதம் காப்பு இருந்தால், அதன் பிறகு மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, "நீங்கள் அந்த நோயைச் சொல்லவில்லை" என்று கோரிக்கையை மறுக்க முடியாது. 2024க்கு முன் அது எட்டு வருடமாக இருந்தது. மாமாவுக்கு அந்தப் பாதுகாப்பு 2027இல் வரும், மாமிக்கு 2030இல். வயதானவர்களுக்கு இந்த மூன்று வருட வித்தியாசம் மிகப் பெரியது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிற மாமியைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வங்கிக் கூற்றையும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். கட்டுப்பணம் கைக்கு வராமல் காப்பு தொடங்க முடியாது என்று இந்தியக் காப்புறுதிச் சட்டத்தின் 64விபி பிரிவைக் காட்டிப் பதில் அனுப்பினார்கள். எங்கள் வாதம் வேறு: சலுகைக் காலத்துக்குள் பணம் அனுப்பினோம், அது தவறியதை அவர்கள் அறிவித்திருந்தால் ஜூன் 4க்கு முன் திரும்பக் கட்ட இன்னும் நாட்கள் இருந்தன. இதை நிறுவனத்துக்கு வெளியே இருக்கிற காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் கொண்டுபோயிருக்கிறோம். கட்டணம் இல்லை, 50 லட்சம் வரையான விடயங்களைப் பார்ப்பார்கள், நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

மாதத் தவணைக்கு மாறலாமா என்றும் யோசித்தோம். தவணையாகக் கட்டினால் வருட நடுவில் வருகிற சலுகைக் காலத்திலும் காப்பு உண்டு, அது நல்ல விடயம். ஆனால் கோரிக்கை வந்தால் மீதித் தவணை எல்லாவற்றையும் உடனே கட்டச் சொல்வார்கள். அதோடு எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கிருந்து கட்டுகிறவர்களுக்கு அது சரிவராது. இப்போது பொலிசி முடிய ஒரு மாதம் முன்பே கட்டிவிடுகிறோம், அப்படி முன்கூட்டிக் கட்டினாலும் புதிய வருடம் பழைய வருடம் முடிந்த பிறகுதான் தொடங்கும். கணக்கில் காசு கழிந்தாலும், புதிய பத்திரத்தின் பிரதி மின்னஞ்சலில் வந்து, முதல் தொடக்கத் திகதியைப் பார்த்த பிறகுதான் மனைவி மாமாவுக்கு அழைத்து "கட்டியாச்சு அப்பா" என்று சொல்கிறார்.