குளோனிடினா, பீட்டா புளொக்கரா: எதை முதலில் விடுவது?

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்மாடியில் இருக்கும் மாமாவுக்கு வயது 66. பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை போடுகிறவர். குளோனிடின் 200 மைக்ரோகிராம் மூன்று வேளை, புரொப்ரனோலோல் என்கிற பீட்டா புளொக்கர் 40 மில்லிகிராம் இரண்டு வேளை. குளோனிடின் வாயை வறட்டியது, பகலிலும் கண்ணைச் சொருகியது. ஒரு வெள்ளி இரவு 9 மணிக் குளிசையோடு அதை மட்டும் விட்டார். "மற்றது இருக்குத்தானே தம்பி, அது பார்த்துக்கொள்ளும்" என்றார் பிறகு.

சனி இரவு 11 மணிக்குத் தலையிடி தொடங்கியது. சட்டை நனைகிற வியர்வை, கை நடுக்கம், பிரஷர் 214/120. கடைசிக் குளிசைக்கும் இதற்கும் இடையே 26 மணித்தியாலம். குளோனிடினை நிறுத்தினால் பெரும்பாலும் 18 முதல் 36 மணித்தியாலத்துக்குள்தான் இப்படித் திரும்பி அடிக்கும். மகன் நாடி பிடித்துப் பார்த்தான், 64. 'நாடி நிதானமாய் இருக்கு, பயமில்லை' என்று அரை மணி நேரம் வீணானது. பீட்டா புளொக்கர் நாடியை அடக்கி வைத்திருந்ததால் அந்த அடையாளம் பொய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுத்தார்கள்.

இரண்டு மருந்தும் வேலை செய்யும் இடம் வேறு. புறக்கோட்டை பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளோனிடின் அங்கே நிற்கும் டைம்கீப்பர். மூளையிலிருந்து புறப்படும் அட்ரினலின் வகைச் சமிக்ஞைகளை அங்கேயே மறித்துக் குறைக்கும். டைம்கீப்பர் திடீரென்று எழுந்து போனால் நின்ற பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். பீட்டா புளொக்கரோ வழியிலுள்ள தரிப்பிடங்களை மூடுவது. நாட்பட மூடியிருந்தால் உடம்பு புதுத் தரிப்பிடங்களைக் கட்டிக்கொள்ளும். ஆகவே அதை நிறுத்தும்போது இதயம் முன்னைவிடக் கூச்சமாக இருக்கும். தொந்தரவு சில நாட்களில் எழுந்து இரண்டு வாரம் வரை நீளலாம். பிரஷர் ஏறுவதைவிட இங்கே பெரிய பயம் நெஞ்சுவலியும் மாரடைப்பும்தான், அதுவும் இதய இரத்தக்குழாய் நோய் உள்ளவருக்கு.

தனித்தனியாகப் பார்த்தால் குளோனிடின் வேகமாக அடிக்கும், பீட்டா புளொக்கர் பிந்தி அடிக்கும். இரண்டும் சேர்ந்திருப்பவருக்குத்தான் சங்கதி சிக்கலாகிறது. அட்ரினலின் இரத்தக்குழாயைச் சுருக்கவும் செய்யும், பீட்டா வழியாகத் தளர்த்தவும் செய்யும். புரொப்ரனோலோல் தளர்த்தும் வழியை அடைத்துவிடும். சுருக்கும் வழி திறந்தே கிடக்கும். அந்த நேரத்தில் குளோனிடினை விட்டால் கிளம்புகிற அட்ரினலின் முழுவதும் சுருக்கத்துக்கே போகும். மாமா காவல் என்று நம்பியதே ஏற்றத்தைக் கூட்டியது.

அதனால் இரண்டையும் விடுவதாக இருந்தால் பீட்டா புளொக்கர் முதலில், படிப்படியாக. அது முடிந்து சில நாள் கழித்தே குளோனிடினில் கை வைப்பது. முதலில் தொந்தரவு தருவதை விடுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கும். இங்கே அது தலைகீழ்.

மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் குளோனிடினைத் திரும்பத் தொடங்கி, பிரஷரை மெல்ல இறக்கினார்கள். இதய நோய் இல்லை என்று உறுதியான பிறகு டொக்டர் போட்ட கணக்கு இது: முதலில் அம்லோடிபின் சேர்த்தார். புரொப்ரனோலோல் 20 மில்லிகிராம் இரண்டு வேளையாக ஒரு வாரம், 10 மில்லிகிராம் இரண்டு வேளையாக இன்னொரு வாரம், பிறகு நிறுத்தம். ஐந்து நாள் இடைவெளி. அதன் பின் குளோனிடின், ஒரு நாளைக்கு 600 என்பதில் மூன்று நாளுக்கு ஒரு தரம் 100 மைக்ரோகிராம் குறைப்பு. பகல் வேளைகள் முதலில், இரவு வேளை கடைசியில். காலையும் இரவும் அளந்து கொப்பியில் எழுதச் சொன்னார். 180/110க்கு மேல் போனாலோ தலையிடியும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ முந்தைய அளவுக்குத் திரும்பி, உடனே கூப்பிட வேண்டும். நெஞ்சுவலி என்றால் நேரே ஆஸ்பத்திரி.

மாரடைப்பு கண்டவர், இதயம் பலவீனமானவர் இந்தக் கணக்கைத் தனக்கென்று எடுக்கக்கூடாது. அவருக்குப் பீட்டா புளொக்கரை விடுவதே பெரும்பாலும் சரியில்லை. குளோனிடினை மட்டும் எப்படி இறக்குவது என்பது டொக்டர் பார்த்துச் செய்கிற வேலை.

நிறையப் பேர் விருப்பப்பட்டு நிறுத்துவதில்லை. கிளினிக் நாள் போயா லீவில் விழுகிறது, குளிசை முடிகிறது, இரண்டு நாள் ஓடிவிடுகிறது. இல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்று சொன்னதைக் குளிசைக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு மருந்தையும் வழக்கமாக ஆபரேஷன் காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கச் சொல்வார்கள். மயக்க மருந்து டொக்டரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மாமா இப்போது அலுமாரியில் ஒரு வாரக் குளிசையை மேலதிகமாக வைத்திருக்கிறார்.