வீட்டுப்பெயர் வரைபடத்துக்குச் சந்தா கட்டலாமா?

ஒரு குடும்பப்பெயர் எந்த ஊரில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றுக்குச் சில வருடங்களாகச் சந்தா கட்டி வருகிறேன். இப்போது விலையைக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சாத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், "எங்க வீட்டுப்பேரைப் போட்டா எங்கிருந்து வந்தோம்னு தெரிஞ்சிருமா அண்ணே?" என்று கேட்டார். அவரும் என்னைப் போலத் தலைமுறை தலைமுறையாகத் தெற்கில் இருக்கிற தெலுங்குக் குடும்பம். போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தெலுங்கு வீட்டுப்பெயர்களில், அதாவது இண்டிபேருகளில், பெரும்பகுதி ஊர்ப்பெயர்தான். தாடேபல்லி, கந்துகூரி, நந்த்யால என்று கேட்டாலே ஊர் தெரிந்துவிடும். அதனால் இந்த மாதிரி வரைபடத்துக்கு நம்மைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். சொந்தப் பெயரைத் தேடுவதற்கு முன்னால், விடை ஏற்கெனவே தெரிந்த பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். நண்பரும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் வீட்டுப்பெயர் சர்வேபல்லி. அவர் பிறந்தது 1888இல், திருத்தணிப் பக்கம். சர்வேபல்லி என்ற ஊர் நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிறது, முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். பிறந்த இடத்துக்கும் பெயரில் இருக்கிற இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் குடும்பம் நகர்ந்து வந்த தூரம். பெயர் அபூர்வமானதாக இருந்து, அந்தப் பெயரில் ஊரும் இருந்தால் திசை தெளிவாகக் கிடைக்கிறது.

அடுத்து காகர்லா. தியாகராஜ சுவாமிகளின் வீட்டுப்பெயர் அது. அவர் 1767இல் திருவாரூரில் பிறந்தவர். முன்னோரின் ஊராகச் சொல்லப்படும் காகர்லா, ஆந்திராவின் பழைய பிரகாசம் மாவட்டத்தில் கம்பம் பக்கம், மேட்டு நிலத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அடர் நிறமோ கிழக்கே கிருஷ்ணா, குண்டூர்ச் சமவெளியில் விழுகிறது. ஏனென்றால் காகர்லா என்ற வீட்டுப்பெயர் பல சமூகங்களில் உண்டு. ஒரே ஊரைவிட்டு வெவ்வேறு காலத்தில் கிளம்பிய, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத வீடுகள் எல்லாம் அதே பெயரைச் சுமக்கின்றன. வரைபடம் அத்தனை பேரையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. எந்த வீட்டில் பிள்ளைகள் அதிகமோ அந்தப் பக்கம் நிறம் கூடும். அது ஆதி ஊரைக் காட்டாது, பெருகிய ஊரைக் காட்டும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப்பெயர் அத்தங்கி. ஓங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றுப் பக்கம் இருக்கிற ஊர். 14ஆம் நூற்றாண்டில் ரெட்டி அரசர்கள் முதலில் தலைநகராக வைத்திருந்த ஊர். அந்த ஊரை நெருக்கமாகப் பார்த்தால், பெயர் ஊருக்குள் அடர்த்தியாக இல்லை. சுற்றிலும், கொஞ்சம் தள்ளித்தான் வளையம் மாதிரி நிறம் ஏறுகிறது. முதலில் கோளாறு என்று தோன்றும். யோசித்தால் அதுதான் சரி. அத்தங்கியில் இருக்கிறவரை யார் அத்தங்கிக்காரர் என்று கூப்பிடப்போகிறார்கள்? ஊரைவிட்டு வெளியே போய்க் குடியேறின பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். நடுவில் காலியும் சுற்றிலும் நிறமும் தெரிந்தால், அந்த நடு ஊர்தான் கிளம்பிய இடம் என்பதற்கு அது நல்ல அடையாளம். அதைக் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி எரிச்சல். இந்தத் தளம் ஒருவர் பெயரில் கடைசியாக வருகிற சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆந்திராவில் வீட்டுப்பெயர் முதலில் வரும். அத்தங்கி வெங்கட ராவ் என்று ஒருவர் இருந்தால் அவர் ராவ் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். அதே வீட்டுப் பையன் அமெரிக்கா போனதும் அங்கே படிவத்துக்காகப் பெயரை மாற்றிப் போட்டு, அத்தங்கியைக் கடைசியில் வைக்கிறான். விளைவு, சொந்த மண்ணில் நிறம் வெளிறி, அமெரிக்காவில் பளிச்சென்று தெரிகிறது. இதை விவரமாக எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் இது சின்னப் பிழை இல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மோசம். இங்கே வாக்காளர் பட்டியலில் ஆள் பெயரும் அப்பா அல்லது கணவர் பெயரும்தான். வீட்டுப்பெயர் பழைய தலைமுறையில் ஒரு இனிஷியலாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விட்டது. அதனால் வரைபடத்தில் நெல்லூருக்குத் தெற்கே வந்தால் வெறும் வெள்ளை. அதைப் பார்த்துவிட்டு "நம்ம ஆட்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோதிப்பது சுலபம். உங்கள் பக்கத்து ஊர்களில் நிச்சயமாக இருக்கிற நாலைந்து வீட்டுப்பெயர்களைத் தேடுங்கள். அவையும் வெள்ளையாகவே வந்தால், அங்கே இல்லாதது ஆட்கள் அல்ல, தகவல்.

எழுத்துக்கூட்டல் வேறு. எங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் தமிழில் அத்தங்கி என்று இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் ஏற்றியவர் Athangi என்று போட்டுவிட்டார். ஆந்திராவில் Addanki. தளத்துக்கு இவை இரண்டும் இரண்டு வம்சம். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனித்தனியாகத் தேடிக் காகிதத்தில் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியில் எங்கள் விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தது கோத்திரம். வரைபடத்தில் கிடைத்த அத்தங்கி வீடுகளில் விசாரித்ததில் பலருடைய கோத்திரம் வேறு. அவர்களை ஒதுக்கிவிட்டேன். கோத்திரமும் பெயரும் சேர்ந்து பொருந்தியவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது, கடற்கரை ஓரமாக நெல்லூர் வரை ஒரு கோடு மாதிரி வந்தது. அதற்கப்புறம் சாத்தூர் வரை எந்த வழியாக வந்தார்கள், நடுவில் எங்கே தங்கினார்கள் என்று பெயர் சொல்லாது. பெயர் ஒட்டிய முதல் ஊர் மட்டும்தான் அதில் இருக்கிறது. மதுரையில் 1529 முதல் 1736 வரை நாயக்கர் ஆட்சி நடந்த காலத்தில் வந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதை உறுதி செய்யவோ மறுக்கவோ இந்த வரைபடத்தால் முடியாது. அது காட்டுவது இன்று உயிரோடு இருக்கிறவர்களை. வருடம் அதில் கிடையாது.

அந்த வளையத்தை வேறு எந்த வழியிலும் நான் பார்த்திருக்க மாட்டேன், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் இந்த வருடம் நான் புதுப்பிக்கப் போவதில்லை. கடைசிச் சொல் விஷயத்தைச் சரி செய்யட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நண்பருக்கு நான் சொல்வது: முதலில் வீட்டில் இருக்கிற பெரிய அத்தையிடம் உட்கார்ந்து, வீட்டுப்பெயரைத் தெலுங்கு உச்சரிப்போடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோத்திரம், குலதெய்வம், எந்தெந்த வீட்டுப்பெயர்க்காரர்களோடு பெண் கொடுத்து எடுத்தோம் என்பதையும் கேளுங்கள். கல்யாணம் பேசும்போது இதையெல்லாம் பார்த்த தலைமுறை அவர்களோடு முடிகிறது. அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. ஒரே ஒரு ஊர் வந்தால் உங்களுக்குச் சந்தாவே தேவையில்லை. அதே பெயரில் மூன்று நான்கு ஊர் வந்தால் மட்டும் ஒரு மாதத்துக்குக் கட்டி, எந்த ஊரைச் சுற்றி வளையம் விழுகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.