விலாவலியோடு காய்ச்சல்: சிறுநீரகத் தொற்றா, கல்லா?

கல் வலி திடீரென்று தொடங்கும். அலை அலையாக ஏறி இறங்கி, விலாவிலிருந்து தொடை இடுக்கு வரை பாயும். எப்படிப் படுத்தாலும் ஆறாமல் நோயாளி புரண்டுகொண்டே இருப்பார். தொற்றின் வலி மெல்லக் கூடி, விடாமல் ஒரே இடத்தில் நிற்கும். அசைந்தால் வலிக்கும் என்று பெரும்பாலும் அசையாமல் படுத்திருப்பார். முதுகில் கடைசி விலா எலும்புக்குக் கீழே லேசாகத் தட்டினாலே துடிப்பார்.

சிறுநீர் எரிச்சலை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுநீர்ப்பையை நெருங்கிய கல்லும் எரிச்சல் தரும். சிறுநீரில் ரத்தமும் இரண்டிலும் வரலாம். ஆனால் தொற்றில்லாத கல் பொதுவாகக் குளிர்காய்ச்சல் தராது.

ஒருவருக்கு 2 நாள் நீர்க்கடுப்பு, பிறகு வலது விலாவில் வலி, 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், நடுக்கம். சிறுநீரில் வெள்ளணுக்களும், கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட்டும் தெரிந்தால் தொற்று என்பது ஏறக்குறைய உறுதி. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லையென்றால் அடைப்போ சீழோ இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

அவருக்கே முதலில் கல் வலி வந்து, பிறகு காய்ச்சல் சேர்ந்திருந்தால் அப்படிக் காத்திருக்கவே கூடாது. அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கல்லால் அடைபட்ட சிறுநீரகத்துக்குள் மருந்து போதிய அளவு சேராது. சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தோ முதுகு வழியே குழாய் போட்டோ தேங்கியதை வடித்தாக வேண்டும். தாமதித்தால் கிருமி ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் சரியும்.