காய்ச்சல் கண்ட உடம்புக்கு எந்தக் குளியல்?

காய்ச்சல் வந்த வீட்டில் குளியலைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு: மேலுக்கு மட்டும் வெந்நீர், தலைக்கு ஊற்றுதல், எண்ணெய் தேய்த்தல். எது நல்லது என்பது காய்ச்சல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோபிப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழைக்காலம். புதன் மாலை நடுக்கம், 102 டிகிரி. நடுங்கும்போது உடம்பே தன் சூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறது. அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், நடுக்கம் கூடும், சூடும் ஏறும். இந்த நேரத்துக்கு மூன்றுமே வேண்டாம். போர்வையும் பாரசிட்டமாலும் போதும். வியர்த்துச் சூடு இறங்கத் தொடங்கியபின் வெதுவெதுப்பான நீரில் மேலுக்கு ஐந்து நிமிடம் குளிக்கலாம். முடியாவிட்டால் ஈரத்துணியால் துடைத்தாலும் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வதுதான் தவறு. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து, நீர்ச்சத்து குறைந்த உடம்பில் ரத்த அழுத்தம் சரியும். எழுந்து நின்றதும் தலை சுற்றும்.

வெறும் சளிக்குத் தலைக்கு ஊற்றுவதை இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. சளியைத் தருவது வைரஸ், நனைந்த தலையல்ல. ஆனால் ஈர முடியோடு ஆடிக் காற்றில் வாசலில் நின்றால் குளிர் எடுக்கும், அவ்வளவுதான். வெந்நீரில் சீக்கிரம் குளித்து, அடிமுடிவரை துவட்டிவிட்டால் போதும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் ஒருநாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

எண்ணெய்க் குளியலுக்குத்தான் என் ஆட்சேபம். நல்லெண்ணெய் சளியைக் கட்டும் என்பதால் அல்ல. தேய்த்து ஊறி, அரப்புப் போட்டு, சூடான தண்ணீரில் பல முறை அலசி முடிக்க முக்கால் மணி நேரமாகும். சோர்ந்த உடம்புக்கு அது பெரிய வேலை. கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவதோ அறவே கூடாது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

அந்தப் பையனுக்குச் சனிக்கிழமை காலை 98.6 டிகிரி. ஆண்கள் எண்ணெய் தேய்க்கும் நாள் வேறு. “காய்ச்சல் விட்டது கண்ணு, எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொள்” என்று அம்மாயி கிண்ணத்தோடு வருவார். டெங்குவாக இருந்தால் இதுவே மிக மோசமான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் சரியக்கூடும். அடுத்த ஒன்றிரண்டு நாள் எண்ணெயும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம். கஞ்சி, இளநீர், ரத்தப் பரிசோதனை. விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பசி திரும்பி, படியேறினால் மூச்சு வாங்காத நிலை வந்தபின் அடுத்த சனிக்கிழமை அம்மாயி தாராளமாக எண்ணெய் வைக்கட்டும்.